பேக்கப்பைத் திறந்து பார்த்த பிறகுதான் கன்வெர்ட்: புது நிதியாண்டுக்கு டேலி மாற்றும் முழு வழிகாட்டி

கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஏழெட்டு இடங்களுக்குக் கணக்கு பார்க்கிறேன். இரண்டு தேயிலை ஃபேக்டரி, ஒரு மெடிக்கல், ஒரு லாட்ஜ், மீதி மளிகை, ஹார்டுவேர். மார்ச் பிறந்தால் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "சார், ஏப்ரல் ஒண்ணுக்குப் புது வெர்ஷன் போட்ரலாமா?"

போடலாம். ஆனால் ஏப்ரல் 1ஆம் தேதியே போட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நிதியாண்டு மாறுவதும் சாஃப்ட்வேர் வெர்ஷன் மாறுவதும் இரண்டு தனி வேலைகள். கணக்கு எழுதும் சாஃப்ட்வேரான டேலி பிரைமில் புது ஆண்டுக்குப் புது கம்பெனி திறக்கத் தேவையில்லை. பழைய வெர்ஷனிலேயே Alt+F2 அழுத்திக் காலத்தை மாற்றிவிட்டு ஏப்ரல் பில்லைப் போட்டுக்கொண்டே போகலாம். வெர்ஷன் மாற்றுவதை முதல் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

இங்கே நான் சொல்லப்போவது ஒரு குறிப்பிட்ட மாற்றம். டேலி பிரைம் 2.1 அல்லது அதற்கும் முந்தைய வெர்ஷனில் இருக்கும் டேட்டாவை 3.0க்கோ அதற்குப் பிந்தையதற்கோ கொண்டுபோவது. 3.0இலிருந்து டேட்டாவின் அமைப்பே மாறிவிட்டதால் பழைய ஃபைல்களை மைக்ரேட் செய்தாக வேண்டும். மாற்றிய டேட்டாவைப் பழைய வெர்ஷன் திறக்காது. திரும்பி வர ஒரே வழி, மாற்றுவதற்கு முன் எடுத்த பேக்கப். அந்த பேக்கப் நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி. மாற்றும் வேலை அரை மணி நேரம், பேக்கப்பைச் சரிபார்க்கும் வேலை அரை நாள்.

பேக்கப் இருந்தும் இல்லாத கதை

முதலில் என் சொந்தத் தவறு. குன்னூரில் ஒரு கடைக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே இருந்த பையன் தினமும் சாயங்காலம் பென்டிரைவில் பேக்கப் எடுப்பான். நானும் பென்டிரைவைத் திறந்து ஃபைலின் தேதியைப் பார்ப்பேன். இன்றைய தேதி இருக்கும், சரி என்று மூடிவிடுவேன். ஒரு நாள் ஹார்டு டிஸ்க் போனது. பேக்கப்பை ரெஸ்டோர் செய்தோம், அழகாகத் திறந்தது. உள்ளே இரண்டு வருடத்துக்கு முந்தைய கணக்கு!

நடந்தது என்னவென்றால், அந்தக் கடையின் கணக்கை ஒரு சமயம் ஆண்டுவாரியாகப் பிரித்திருந்தோம். பிரித்த பிறகு பட்டியலில் கிட்டத்தட்ட ஒரே பெயரில் இரண்டு கம்பெனிகள் இருந்தன. பையன் தினமும் பழையதைத் தேர்ந்தெடுத்து பேக்கப் எடுத்திருக்கிறான். ஃபைலின் தேதி புதிது, உள்ளே இருந்த சரக்கு பழையது. கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு பில்லைப் பேப்பரைப் பார்த்து மறுபடி போட்டோம்.

அன்றிலிருந்து பேக்கப் என்றால் நான் மூன்று கேள்வி கேட்கிறேன். நகல் அசலைப் போல அப்படியே இருக்கிறதா? அது திறக்கிறதா? திறந்தால் உள்ளே இருக்கும் எண்களும் வவுச்சர்களும் அசலோடு பொருந்துகின்றனவா? பெரும்பாலானவர்கள் முதல் கேள்வியோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு நடந்தது மூன்றாவது கேள்வியில்.

எந்த நாள், எந்த நேரம்

இனி ஒரு ஃபேக்டரியின் கதையை வைத்தே சொல்கிறேன். கோத்தகிரி அருகே, சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தேயிலை ஆக்கும் பாட் லீஃப் ஃபேக்டரி. இலை ஏஜென்டுகளுக்கும் விவசாயிகளுக்கும் பணம் பட்டுவாடா, குன்னூர் ஏலத்தில் புரோக்கர் மூலம் விற்பனை, கொஞ்சம் நேரடி விற்பனை. ஆபீசில் மூன்று கம்ப்யூட்டர்கள், ஒன்றில் டேட்டா, மற்ற இரண்டும் நெட்வொர்க்கில். 2.1ஐ விட்டு நகராமல் இருந்ததற்குக் காரணம் இலை பில். விவசாயி பெயர், கிலோ, தண்ணீருக்குக் கழிவு, முன்பணப் பிடித்தம் எல்லாம் வரும்படி ஒருவர் தனியாக எழுதிக்கொடுத்த டிடிஎல் ஃபைலில், அதாவது டேலியில் இல்லாத வசதியைச் சேர்க்கும் ஃபைலில், அது ஓடிக்கொண்டிருந்தது.

2025 மார்ச் 31 திங்கட்கிழமை, அன்று ரம்ஜான் வேறு. ஆகவே 30ஆம் தேதி ஞாயிறன்று ஒத்திகை, ஏப்ரல் 6 ஞாயிறன்று உண்மையான மாற்றம் என்று முடிவு செய்தோம். முதலாளிக்கு ஒத்திகை என்ற வார்த்தையே பிடிக்கவில்லை. "என்னங்க, நாடகமா போடறோம்? நேரா மாத்திருங்களேன்" என்றார். ஞாயிறு எதற்கு என்றால், இலை வராது, யாரும் பில் போட மாட்டார்கள். இன்னொன்றும் உண்டு. ஃபேக்டரியில் ரோலர்களும் வாட்டும் அறை ஃபேன்களும் ஓடத் தொடங்கும்போது வோல்டேஜ் தள்ளாடும். மைக்ரேட் ஆகிக்கொண்டிருக்கும் நடுவில் கம்ப்யூட்டர் அணைந்தால் அந்த டேட்டாவை நம்ப முடியாது. யுபிஎஸ் இருந்தாலும் அதன் பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கும் என்று முந்தின நாளே பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். இங்கே தாங்கியது 11 நிமிடம். அதனால் ஜெனரேட்டர் ஆள் இருக்கும் நேரத்தில் வைத்துக்கொண்டோம்.

புது வெர்ஷனின் இன்ஸ்டாலரை அந்த வாரமே டவுன்லோடு செய்து வைத்துவிடுங்கள். மலையில் மழை பெய்தால் நெட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. டேலி சாஃப்ட்வேர் சர்வீஸ் சந்தா உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். சந்தா காலாவதியாகி இருந்தால் புது வெர்ஷன் ஓடாது.

ஆதாரத் தாள்

பேக்கப் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க, இப்போது இருக்கும் எண்களைப் பேப்பரில் பிடித்து வைத்துக்கொள்வது. நான் இதை ஆதாரத் தாள் என்பேன்.

முதலில் எல்லாரையும் வெளியேற்றுங்கள். மற்ற கம்ப்யூட்டர்களில் டேலியை மூடச் சொன்னால் போதாது, அந்த நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிடுங்கள். ஏன் என்று கீழே வரும்.

அப்புறம் F1 அழுத்தி About போய் இப்போதைய வெர்ஷன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பெனி தேர்வுத் திரையில் கம்பெனி பெயருடன் ஓர் எண் தெரியும். 10000 மாதிரி. டேட்டா ஃபோல்டரின் பெயரும் அந்த எண்தான். இதைக் குறிப்பது ரொம்ப முக்கியம், நான் குன்னூரில் வாங்கிய அடி இதில்தான்.

பிறகு எண்கள். 1-4-2024 முதல் 31-3-2025 வரை டிரையல் பேலன்ஸ், லெட்ஜர் வாரியாக விரித்து, Alt+E அழுத்தி எக்செலுக்கு ஏற்றுமதி. Alt+G அழுத்தி Statistics என்று தட்டினால் எந்த வகை வவுச்சர் எத்தனை, எத்தனை லெட்ஜர் என்று ஒரே திரையில் வரும். அதையும் ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். கடைசி விற்பனை பில் எண், கையிருப்பு ரொக்கம், முக்கிய பேங்க் இருப்பு, இருப்புச் சரக்கின் மதிப்பு, பிப்ரவரி மாத GSTR-1 மொத்தம். ஏப்ரலில் சில நாள் பில் போட்டிருந்தால் அந்த நாட்களுக்குத் தனியாக இன்னொரு தாள்.

எங்கள் ஃபேக்டரியின் வவுச்சர் கணக்கு இப்படி இருந்தது: விற்பனை 214, கொள்முதல் 1,386, பேமென்ட் 902, ரசீது 371, ஜர்னல் 188, கான்ட்ரா 64. மொத்தம் 3,125.

டிரையல் பேலன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறது என்று யாராவது திருப்திப்பட்டால் நம்பாதீர்கள். டேலியில் அது சமமாகத்தான் இருக்கும். பாதி வவுச்சர் காணாமல் போனாலும் மீதி பாதி தனக்குள் சமமாக இருக்கும். ஆகவே பற்றும் வரவும் சமமா என்று பார்க்க வேண்டாம். அந்தத் தொகை முன்பு எடுத்த தொகையேதானா, லெட்ஜர் லெட்ஜராக அதேதானா என்று பாருங்கள்.

பேக்கப் எடுப்பது, இரண்டு வழியில்

ஒன்று டேலியின் சொந்த பேக்கப்: Alt+Y, பிறகு Backup. எந்த கம்பெனி என்று கேட்கும் இடத்தில் எண்ணைத் தாளோடு ஒப்பிட்டுத் தேர்ந்தெடுங்கள். சேமிக்கும் இடம் கண்டிப்பாக வேறு டிரைவாக இருக்கட்டும். முடிந்ததும் ஃபைலின் அளவைப் போன மாத பேக்கப்போடு ஒப்பிடுங்கள். கணக்கு வளர்ந்துகொண்டே போவது, ஆகவே அளவு குறைந்திருந்தால் ஏதோ தப்பு.

இரண்டாவது, டேலியை முழுக்க மூடிவிட்டு டேட்டா ஃபோல்டரையே நகல் எடுப்பது. ஏன் இரண்டு வழி என்றால், டேலி பேக்கப் கெட்டால் ஃபோல்டர் நகல் கைகொடுக்கும், ஃபோல்டர் நகலை எடுக்கும்போது யாராவது டேலியைத் திறந்து வைத்திருந்து ஃபைல்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் போனால் டேலி பேக்கப் கைகொடுக்கும். மவுஸால் இழுத்துப் போடுவதைவிட விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்டில் தட்டும் ரோபோகாப்பி நல்லது, எது நின்றுபோனது என்று லாகில் எழுதி வைக்கும்:

```
robocopy "C:\Users\Public\TallyPrime\data\10000" "E:\BK_0504\10000" /E /R:2 /W:5 /LOG:"E:\BK_0504.txt"
```

உங்கள் டேட்டா வேறு இடத்தில் இருந்தால் பாதையை மாற்றிக்கொள்ளுங்கள். முடிந்ததும் லாக் ஃபைலின் கடைசியில் `FAILED` என்ற பத்தியில் எல்லாம் 0 ஆக இருக்க வேண்டும். இணையத்தில் சிலர் `/MIR` சேர்க்கச் சொல்வார்கள். வேண்டாம். மூலத்தில் இல்லாத ஃபைல்களைப் போய்ச் சேரும் இடத்தில் அது அழித்துவிடும். பாதையை ஒரு எழுத்து மாற்றித் தட்டிவிட்டால் பழைய பேக்கப் எல்லாம் போச்சு.

நகல் அசலுக்குச் சமம்தானா என்ற முதல் கேள்விக்கு பவர்ஷெல்லில் மூன்று வரி:

```
$a = Get-ChildItem "C:\Users\Public\TallyPrime\data\10000" -Recurse -File | Get-FileHash
$b = Get-ChildItem "E:\BK_0504\10000" -Recurse -File | Get-FileHash
Compare-Object $a.Hash $b.Hash
```

ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு கைரேகை எடுத்து ஒப்பிடுகிறது. மூன்றாவது வரிக்குப் பிறகு திரையில் எதுவும் வரவில்லை என்றால் இரண்டும் ஒன்று. ஏதாவது வரி வந்தால் அந்த நகலை நம்ப வேண்டாம், மறுபடி எடுங்கள். இதைப் பார்த்துவிட்டு முதலாளி, "ரெண்டும் ஒண்ணுன்னு கம்ப்யூட்டரே சொல்லிருச்சு, அப்புறம் என்னங்க?" என்றார். கம்ப்யூட்டர் சொன்னது நகல் நல்லது என்று. அசல் நல்லதா, நாம் எடுக்க நினைத்த கம்பெனியா, எடுத்த நேரம் சரியா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

ரெஸ்டோர் செய்து பார்ப்பது

இதில்தான் நிதானம் வேண்டும். `D:\SODHANAI` என்று காலி ஃபோல்டர் ஒன்று உருவாக்குங்கள். பழைய வெர்ஷனிலேயே Alt+Y, Restore. போய்ச் சேரும் இடமாக அந்தக் காலி ஃபோல்டரைக் கொடுங்கள். இந்த ஒரு இடத்தில் அவசரப்பட்டு, நடைமுறையில் இருக்கும் டேட்டா ஃபோல்டரைக் கொடுத்தால் ஓடிக்கொண்டிருக்கும் கணக்கின் மேலேயே பழைய பேக்கப் எழுதப்படும். சோதித்துப் பார்க்கப் போய் அசலை இழந்தவர்கள் உண்டு. முடிந்தால் இந்தச் சோதனையை வேறொரு கம்ப்யூட்டரில் செய்யுங்கள், இந்தப் பயமே இருக்காது. அந்தக் கம்ப்யூட்டரில் லைசன்ஸ் இல்லாமல் எஜுகேஷனல் மோடில் திறந்தாலும் போதும். அதில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டுமே வவுச்சர் போட முடியும், ஆனால் நமக்கு வவுச்சர் போடும் வேலை இல்லையே.

ரெஸ்டோர் ஆனதும் முதல் வேலை, அந்தச் சோதனைக் கம்பெனியின் பெயரை மாற்றுவது. பெயருக்கு முன்னால் சோதனை என்று சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் திங்கட்கிழமை காலையில் யாராவது அதைத் திறந்து பில் போடுவார்கள். அப்படிப் போட்ட பில்களைத் தேடி எடுத்து அசலில் சேர்ப்பது பெரிய ரோதனை.

பிறகு ஆதாரத் தாளை எடுத்து ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள். லெட்ஜர் இருப்புகளுக்கு எக்செலே போதும். அசலின் ஏற்றுமதியை முதல் ஷீட்டிலும் நகலின் ஏற்றுமதியை `Sheet2` இலும் வைத்து, பெயர் A பத்தியிலும் தொகை B பத்தியிலும் வரும்படி ஒழுங்கு செய்தால்:

```
=SUMIF(Sheet2!A:A,A2,Sheet2!B:B)-B2
```

எல்லா வரியிலும் 0 வர வேண்டும். பற்றும் வரவும் தனித்தனிப் பத்தியில் வருவதால் இரண்டுக்கும் ஒருமுறை செய்யுங்கள்.

ஏழு ரசீது

ஏப்ரல் 5 சனிக்கிழமை மாலை ஃபேக்டரியில் நடந்தது இது. 5.10க்கு பேக்கப் எடுத்தேன். மற்ற இரண்டு கம்ப்யூட்டரிலும் டேலியை மூடச் சொல்லியிருந்தேன். காசாளர் அக்கா மூடினார். டீ குடித்துவிட்டு வந்து, மார்ச் கடைசி வாரத்துப் பேங்க் வரவுகள் சில பாக்கி இருப்பது நினைவுக்கு வந்து, மறுபடி திறந்து ஏழு ரசீது போட்டிருக்கிறார். எனக்குத் தெரியாது. நான் 5.45க்கு ஆதாரத் தாளை எடுத்தேன். அதாவது நானே சொன்ன வரிசையை மாற்றி, பேக்கப்பை முதலிலும் தாளைப் பிறகும் எடுத்தேன். கேபிளையும் கழற்றவில்லை.

ரெஸ்டோர் செய்து பார்த்தால் டிரையல் பேலன்ஸ் மொத்தம் பைசா சுத்தமாகப் பொருந்தியது. பிப்ரவரி GSTR-1 பொருந்தியது. கடைசி பில் எண் பொருந்தியது. Statistics பார்த்தபோது ரசீது 364. அசலில் 371.

ஏழு வவுச்சர் குறைந்தும் மொத்தம் எப்படிப் பொருந்தும்? வாடிக்கையாளர் தர வேண்டிய பாக்கி பற்றுப் பக்கம் நிற்கிறது. அவர் பணம் கட்டினால் அந்தப் பாக்கி குறைகிறது, பேங்க் இருப்பு கூடுகிறது. பேங்க் இருப்பும் பற்றுப் பக்கம்தான். ஏழு ரசீதும் சேர்ந்து 2,46,500 ரூபாய். அந்தத் தொகை பற்றுப் பக்கத்துக்குள்ளேயே ஒரு லெட்ஜரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்ததே தவிர, பக்கத்தின் மொத்தம் மாறவே இல்லை. எக்செல் சூத்திரத்தைப் போட்டதும் பேங்க் லெட்ஜரும் ஐந்து பார்ட்டிகளின் லெட்ஜரும் 0 இல்லாமல் நின்றன. அந்த லெட்ஜர்களின் வவுச்சர்களைப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. மொத்தத்தை மட்டும் பார்த்து டிக் அடித்திருந்தால் அந்த பேக்கப்பை நல்லது என்று எழுதி வைத்திருப்பேன்.

"மூடிட்டேனே சார், அப்புறம் ஞாபகம் வந்துச்சு, அதான் போட்டேன்" என்றார் அக்கா. அவர்மேல் தப்பே இல்லை. கேபிளைக் கழற்றிவிட்டு, தாளை எடுத்து, பேக்கப்பையும் ஃபோல்டர் நகலையும் மறுபடி எடுத்தேன். இரவு 8 மணிக்கு 371க்கு 371.

ஒருவேளை உங்கள் பேங்க் கணக்கு ஓவர்டிராஃப்டில் வரவு இருப்பாக இருந்தால் இதே தவறு மொத்தத்திலேயே தெரிந்திருக்கும். எப்படியும் வவுச்சர் எண்ணிக்கை, லெட்ஜர் வாரியான ஒப்பீடு இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

மாற்றுவது

அசலை மாற்ற வேண்டாம், நகலை மாற்றுங்கள். புது வெர்ஷனைப் பழையதன் மேலே போடாமல் வேறு ஃபோல்டரில் நிறுவுங்கள். இன்ஸ்டாலரிலேயே எங்கே நிறுவுவது, டேட்டா எங்கே இருக்கும் என்று மாற்றிக்கொடுக்கலாம். நாங்கள் டேட்டாவுக்கு `D:\TallyPudhu` என்று கொடுத்து, சரிபார்த்த ஃபோல்டர் நகலிலிருந்து 10000ஐ மட்டும் அதற்குள் வைத்தோம். புது வெர்ஷனில் Alt+Y, Migrate, அந்தப் பாதை, அந்த கம்பெனி. அவ்வளவுதான். இடையில் எந்தத் திரை பேக்கப் எடுக்கவா என்று கேட்டாலும் ஆம் என்று சொல்லுங்கள், ஆனால் நம் பேக்கப்புக்குப் பதிலாக அதை நம்ப வேண்டாம்.

மார்ச் 30 ஒத்திகையில் இந்த வேலை 25 நிமிடம் பிடித்தது. யுபிஎஸ்ஸின் 11 நிமிடம் போதாது என்று அப்போதுதான் உறைத்தது. அதைவிடப் பெரிய லாபம் இன்னொன்று. மாறிய டேட்டாவில் இலை பில்லை அச்சடித்துப் பார்த்தபோது முன்பணப் பிடித்தம் வரும் கட்டம் காலியாக வந்தது. தொகை வவுச்சரில் சரியாக இருக்கிறது, பேப்பரில் மட்டும் இல்லை. பழைய வெர்ஷனுக்கு எழுதிய டிடிஎல் புதியதில் அந்தக் கட்டத்தைக் கண்டுபிடிக்கவில்லை. ஃபைலை எழுதியவர் கோயம்புத்தூரில் இருக்கிறார், வியாழக்கிழமை திருத்திக்கொடுத்தார். ஒத்திகை இல்லாமல் திங்கட்கிழமை காலையில் இது தெரிந்திருந்தால் இலை கொண்டுவந்த ஏஜென்டுகள் கவுன்டரில் நின்று என்ன கேட்டிருப்பார்கள் என்று முதலாளியே சொல்லிச் சிரித்தார். அதன்பிறகு நாடகம் என்று சொல்லவில்லை.

தனியாக எழுதிய டிடிஎல், பில் வடிவம், எக்செல் இணைப்பு என்று உங்களிடம் எது இருந்தாலும் ஒத்திகையில் ஒவ்வொன்றையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அச்சடித்த பேப்பரைப் பழைய பேப்பரின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது என் வழக்கம், கட்டம் நகர்ந்திருந்தால் உடனே தெரியும்.

மாறியதும் ஆதாரத் தாளை மூன்றாவது முறையாக எடுங்கள். அதே டிக், அதே சூத்திரம். ஜிஎஸ்டியில் மட்டும் ஒரு வித்தியாசத்தை எதிர்பாருங்கள். 3.0இல் ஜிஎஸ்டி ரிப்போர்ட்டுகள் புதிதாக அமைக்கப்பட்டன. தகவல் குறைவாக உள்ள வவுச்சர்கள் Uncertain Transactions என்ற தலைப்பின் கீழ் போய் உட்காரும், அவை GSTR-1 மொத்தத்தில் சேராது. எங்களுக்குப் பிப்ரவரி மொத்தம் குறைந்து வந்தது. உள்ளே போனால் மூன்று பில்கள், மூன்றும் ஒரே நேரடி வாடிக்கையாளருடையது. அவருடைய லெட்ஜரில் மாநிலம் குறிப்பிடவே இல்லை. லெட்ஜரில் மாநிலத்தைச் சேர்த்து, பில்களைத் திறந்து சேமித்ததும் தொகை தாளோடு பொருந்தியது. டேட்டா தொலையவில்லை, பழைய குறை இப்போது வெளியே தெரிந்தது. ஏற்கனவே தாக்கல் செய்த மாதத்தின் பில்லில் தொகையையோ வரியையோ மட்டும் தொட்டுவிடாதீர்கள்.

பழையதைப் பூட்டுவது

நகலை மாற்றியதால் இப்போது ஃபேக்டரியில் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. பழைய வெர்ஷனும் அதன் டேட்டாவும் அப்படியே ஓடும் நிலையில்தான் இருக்கும். யாராவது பழக்கத்தில் பழைய ஐகானைச் சொடுக்கினால் கணக்கு இரண்டாகப் பிளக்கும். அன்றே மூன்று கம்ப்யூட்டரிலும் பழைய ஐகானை எடுத்துவிட்டு, பழைய டேட்டா ஃபோல்டரின் பெயரை `data_PAZHAYA` என்று மாற்றினேன். நெட்வொர்க்கில் இருக்கும் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே வெர்ஷன் இருக்க வேண்டும், ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றை மாற்றாதீர்கள்.

திரும்பிப் போவதற்கு ஒரு கெடுவும் வையுங்கள். புது வெர்ஷனில் போட்ட வவுச்சர்களைப் பழையதற்குக் கொண்டுபோக முடியாது, கையால் மறுபடி போட வேண்டும். மூன்று நாள் பில் என்றால் ஒரு மாலையில் போட்டுவிடலாம், மூன்று வாரம் என்றால் முடியாது. நாங்கள் புதன்கிழமை மாலை வரை என்று வைத்துக்கொண்டோம். அதுவரை எல்லா வவுச்சரின் பேப்பர் நகலும் ஒரே ஃபைலில். உங்களுடையது பிரைவேட் லிமிடெட் என்றால் இதில் இன்னொரு கவனம் வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு சாஃப்ட்வேர் ஒவ்வொரு திருத்தத்தையும் பதிவு செய்யும் ஆடிட் டிரெயிலோடு இருக்க வேண்டும், அதை அணைக்கவும் கூடாது. பழைய டேட்டாவுக்குத் திரும்பினால் ஏன், எப்போது, யார் செய்தது என்று எழுதி ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள். தனி உரிமையாளர், பார்ட்னர்ஷிப் கடைகளுக்கு இந்த விதி இல்லை.

பில் எண் வரிசையை ஏப்ரல் 1ஆம் தேதியே புதிதாகத் தொடங்கியிருக்க வேண்டும், வெர்ஷன் மாற்றத்துக்குக் காத்திருக்கக் கூடாது. ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக் கூடாது, 16 எழுத்துக்கு மிகக் கூடாது. `KTG/25-26/00001` என்று வைத்தோம், 15 எழுத்து. மாற்றிய பிறகு புது வெர்ஷனில் ஒரு பில் போட்டு, ஏப்ரல் 5ஆம் தேதி நின்ற எண்ணுக்கு அடுத்ததுதான் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கணக்கை ஆண்டுவாரியாகப் பிரிக்கும் வேலையை இதே நாளில் வைத்துக்கொள்ளவே வேண்டாம். அதுவும் இன்னொரு பெரிய மாற்றம், ஏதாவது தப்பினால் எதனால் தப்பியது என்று கண்டுபிடிக்க முடியாது.

பேக்கப்பை எங்கே வைப்பது

சரிபார்த்த பேக்கப் இரண்டு டிஸ்கில் இருக்கட்டும். ஒன்று ஆபீசில், இன்னொன்று வேறு ஊரில். 2009 நவம்பர் மழையில் இந்த மலையில் மண் சரிந்து ரோடுகள் அறுந்ததைப் பார்த்தவர்களுக்கு ஏன் வேறு ஊர் என்று விளக்க வேண்டியதில்லை. எங்களுடையது குன்னூரில் முதலாளியின் தங்கை வீட்டு பீரோவில் இருக்கிறது. பனி ஈரம் டிஸ்கின் கனெக்டரில் ஏறும், அதனால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தோம்.

டப்பாவுக்குள் பேக்கப் மட்டும் போதாது. அதைத் திறக்கப் பழைய வெர்ஷன் வேண்டும், ஆகவே 2.1 இன்ஸ்டாலரும் பழைய டிடிஎல் ஃபைலும் அதே டிஸ்கில். டேலியே இல்லாமல் படிக்க டிரையல் பேலன்ஸும் லெட்ஜர்களும் பிடிஎஃப்பாக. கம்பெனிகள் கணக்குப் புத்தகங்களை 8 ஆண்டு வைத்திருக்க வேண்டும், ஜிஎஸ்டி சட்டமோ ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கேட்கிறது.

டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டில் இவ்வளவுதான்: கம்பெனி எண் 10000, வெர்ஷன் 2.1, 5-4-2025 இரவு 8 மணி, ரெஸ்டோர் செய்து பார்த்தது, வவுச்சர் 3,125, ரசீது 371. கீழே என் கையெழுத்து, பக்கத்தில் காசாளர் அக்காவின் கையெழுத்து.